பச்சையில் சிவப்பு எழுத்து: புள்ளி எல்லாம் எங்கே போகிறது?

அம்பை_டிசைன் | 14 ஜூலை 2024, இரவு 9:40

எங்கள் ஊர் அம்மன் கொடைவிழாவுக்கு அழைப்பிதழ் நான்தான் செய்கிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வாழையிலைப் பச்சை அடித்தளம், மேலே நல்ல சிவப்பில் எழுத்து. கணினியில் பார்த்தால் கத்தி மாதிரி இருக்கிறது. ஊர் குழுவில் படமாகப் போட்டதும் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வழிகிறது, அதைச் சுற்றிக் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. "சாமக்கொடை"யில் புள்ளியைக் காணோம். "இரவு 12 மணி" என்பது "மனி" ஆகிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து மதினி போன் போட்டு, "கொடை ஆறாந்தேதியா எட்டாந்தேதியா"ன்னு கேட்கிறாள். 6-இன் வாய் அடைத்து 8 ஆகிவிட்டது.

இதே படத்தில் மேலே வெள்ளையில் உள்ள அம்மன் பெயர் துல்லியமாக இருக்கிறது. அதே எழுத்துரு, அதைவிடச் சின்ன அளவு. அப்படியானால் சிவப்புக்கு மட்டும் என்ன?

அச்சுக்காரர்_பேட்டை | 14 ஜூலை, இரவு 10:15

தம்பி, தரத்தைக் குறைத்துச் சேமித்திருப்பீர்கள். ஜேபெக்கில் தரம் 100 வைத்து அனுப்புங்கள், சரியாகிவிடும். முப்பது வருஷமாக நோட்டீஸ் அடிக்கிறேன், சிவப்பு எங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை. பிளேட்டில் சிவப்புக்கு மெஜந்தாவும் மஞ்சளும் கூர்மையாகவே விழும்.

அம்பை_டிசைன் | 14 ஜூலை, இரவு 11:05

100 வைத்துப் பார்த்தேன் அண்ணாச்சி. கட்டங்கள் போய்விட்டன. பழுப்பு ஓரம் போகவில்லை. என் கணினியிலேயே, யாருக்கும் அனுப்பாமலேயே, அந்த ஓரம் இருக்கிறது. புள்ளி இப்போது தெரிகிறது, ஆனால் சிவப்புப் புள்ளியாக இல்லை, சாணிநிறப் பொட்டாக இருக்கிறது.

அப்படியானால் இது ஒரே கோளாறு இல்லையோ? இரண்டு வேறு கோளாறு ஒரே இடத்தில் விழுகிறதோ?

சிக்னல்_ஓய்வு | 15 ஜூலை, காலை 6:20

இரண்டுதான். சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். நான் உள்ளூர் கேபிள் கட்டுப்பாட்டு அறையில் இருபது வருஷம் இருந்தவன், ஓடும் எழுத்தில் இந்தச் சண்டையைத் தினமும் போட்டிருக்கிறேன்.

படத்தைச் சுருக்கும்போது ஆர்ஜிபி அப்படியே போவதில்லை. வெளிச்சம் ஒரு தாள், நிறம் இரண்டு தாள் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வெளிச்சத் தாள் முழு அளவில் இருக்கும். நிறத் தாள் இரண்டும் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. நாலு பிக்சல் புள்ளிக்கு ஒரு நிறம். இதைத்தான் 4:2:0 என்பார்கள். 1920க்கு 1080 வீடியோவில் நிறம் 960க்கு 540தான். நம் கண் வெளிச்சத்தின் ஓரத்தைப் பார்க்கும் கூர்மையில் நிறத்தின் ஓரத்தைப் பார்ப்பதில்லை, அதனால் புகைப்படத்தில் இது தெரியாது.

உங்கள் வெள்ளை எழுத்தின் வடிவம் வெளிச்சத் தாளில் இருக்கிறது. சிவப்பு எழுத்தின் வடிவம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பச்சையும் சிவப்பும் என்ன எண்கள்?

அம்பை_டிசைன் | 15 ஜூலை, காலை 7:02

சிவப்பு 255, 0, 0. பச்சை 0, 128, 0.

சிக்னல்_ஓய்வு | 15 ஜூலை, காலை 8:45

உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஜேபெக் வெளிச்சத்தைக் கணக்கிடும் முறை இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

உங்கள் சிவப்புக்கு 76 வருகிறது. உங்கள் பச்சைக்கு 75. 255-க்குள் ஒரே ஒரு படி வித்தியாசம். வெளிச்சத் தாளில் உங்கள் அழைப்பிதழ் வெற்றுத் தாள்.

நீலநிற வேறுபாட்டைச் சுமக்கும் `Cb` தாளில் சிவப்பு 85, பச்சை 86. அதுவும் வெற்றுத் தாள். மிச்சம் சிவப்பு வேறுபாட்டுத் தாள் `Cr`. அதில் சிவப்பு 255, பச்சை 74. எழுத்து முழுவதும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது, அந்தத் தாள் பாதி அளவில் இருக்கிறது. இவ்வளவு மோசமான ஜோடியைத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

அம்பை_டிசைன் | 15 ஜூலை, மதியம் 1:30

கடையை மூடிவிட்டு இதை நம்பலாமா என்று பார்த்தேன். தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடிகிறது:

```
ffmpeg -i azhaippu.jpg -vf extractplanes=y oli.png
ffmpeg -i azhaippu.jpg -vf extractplanes=v sivappu.png
```

`oli.png` திறந்தேன். சாம்பல் அட்டை. மேலே அம்மன் பெயர் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. கீழே நாள், நேரம், வில்லிசை, முளைப்பாரி, வரிதாரர் பெயர்கள், ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு நிழல் தெரிகிறது, அவ்வளவுதான். அடுத்ததில் எல்லா எழுத்தும் இருக்கிறது, பாதி அளவில், ஓரம் மழுங்கி.

பார்த்ததும் மனசு கொஞ்சம் ஆடிப்போனது. நான் இத்தனை வருஷம் செய்த எத்தனை அழைப்பிதழ் இப்படிப் போயிருக்கும்!

அம்பை_டிசைன் | 15 ஜூலை, மாலை 6:50

பழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடித்தேன். எழுத்தின் ஓரத்தை 800 மடங்கு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறத் தாளில் இரண்டிரண்டு புள்ளியாகச் சேர்த்துச் சராசரி போடுகிறது. ஒரு புள்ளி சிவப்பு, பக்கத்துப் புள்ளி பச்சை என்று ஒரு ஜோடி விழுந்தால் 255-க்கும் 74-க்கும் நடுவில் 164 என்று வரும். அதைத் திரும்ப ஆர்ஜிபிக்கு மாற்றினால் ஏறக்குறைய 127, 65, 0. அந்தச் சாணிநிறம்தான். சிவப்பும் பச்சையும் இரண்டும் கெட்டு ஒரே நிறம் ஆகின்றன.

என் எழுத்தில் குறுகின கோடு மூன்று புள்ளி அகலம். ஜோடி எல்லையில் சரியாகத் தொடங்கினாலும் ஒரு பக்கம் அரைஜோடி மிஞ்சும். மெய்ப்புள்ளி ஐந்து புள்ளி அகலம், அதில் ஓரம் போக நடுவில்தான் கொஞ்சம் சிவப்பு மிஞ்சும். ண-வின் சுழி இடைவெளி இரண்டு புள்ளி. அது நிரம்பிப்போவதில் ஆச்சரியமே இல்லை. ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்குத்தான் இதில் அடி அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குச் சுழி ஒன்று கூடினால் எழுத்தே வேறு.

(திருத்தம்: மேலே "800 மடங்கு சதவீதம்" என்று எழுதிவிட்டேன். 800 சதவீதம், அதாவது எட்டு மடங்கு.)

குற்றாலச்சாரல் | 15 ஜூலை, இரவு 8:30

எனக்கும் இதே பிரச்சினை! அக்கா கல்யாண வீடியோ, 2006-இல் எடுத்தது, சின்ன டேப். கணினியில் ஏற்றினேன். அவள் கூரைப்புடவை அரக்குச் சிவப்பு. கையை அசைக்கும்போதெல்லாம் முந்தானை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி சிவப்புக் கோடு கோடாக வருகிறது. பின்னால் பந்தல், வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதற்கும் எழுத்து நிறத்தை மாற்றுவது மாதிரி ஏதாவது உண்டா? புடவையை மாற்ற முடியாதே.

சிக்னல்_ஓய்வு | 16 ஜூலை, காலை 6:05

அம்மா, உங்களுடையது தம்பியின் பிரச்சினைக்குச் சித்தப்பா மகன். அந்த டேப் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக, வெவ்வேறு நேரத்தில் பதிந்தது. நம் ஊர் டேப்பில் நிறமும் 4:2:0தான், அதையும் ஒவ்வொரு பாதிக்கும் தனியாக வைத்திருக்கும். ஏற்றும் மென்பொருள் அதை முழுப்படம் என்று நினைத்து நிறத்தை விரித்தால், ஒரு நேரத்து நிறம் இன்னொரு நேரத்து வரியில் போய் உட்காரும். நல்ல சிவப்பு உள்ள இடத்தில் அது பளிச்சென்று தெரியும்.

மூல ஏற்றக் கோப்பை வைத்திருக்கிறீர்களா? அளவு மாற்றுவதற்கு முன், வேறு எந்த வேலைக்கும் முன், `-vf bwdif` கொடுத்து வரிகளைப் பிரித்துப் பாருங்கள். அளவு மாற்றிச் சேமித்த கோப்புதான் இருக்கிறது என்றால் அதற்குள் கலந்தது கலந்ததுதான்.

அச்சுக்காரர்_பேட்டை | 16 ஜூலை, காலை 10:40

தரம் 100 சொன்னது பாதிதான் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் கட்டங்கள் எதனால்? அதுவும் வெள்ளை எழுத்துப் பக்கம் வரும் கட்டத்தைவிடச் சிவப்புப் பக்கம் கட்டம் பெரிதாக இருக்கிறதே.

சிக்னல்_ஓய்வு | 16 ஜூலை, காலை 11:15

அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள் அண்ணாச்சி. ஜேபெக் ஒவ்வொரு தாளையும் எட்டுக்கு எட்டுக் கட்டமாக வெட்டும். நிறத் தாள் பாதி அளவில் இருப்பதால், அதன் எட்டுக்கு எட்டு என்பது படத்தில் பதினாறுக்குப் பதினாறு இடத்தை மூடும். அதனால் இரட்டிப்புக் கட்டம். மேலும் நிறத் தாளின் நுணுக்கங்களை வெளிச்சத் தாளைவிட முரட்டுத்தனமாக வெட்டுவதுதான் வழக்கமான அட்டவணை. எழுத்தே நிறத் தாளில் இருக்கும்போது அந்த வெட்டு நேராக எழுத்தின் மேல் விழுகிறது.

தரத்தைக் கூட்டினால் இந்த வெட்டு குறையும். பாதி அளவு பாதி அளவாகவே இருக்கும்.

அம்பை_டிசைன் | 16 ஜூலை, இரவு 9:10

பாதி அளவாக்காமலேயே சேமிக்க முடியும் என்று கண்டுகொண்டேன்:

```
magick azhaippu.png -sampling-factor 4:4:4 -quality 92 azhaippu.jpg
```

ஓரம் கம்பி மாதிரி நிற்கிறது. சின்னப் புள்ளி, ண, 6, எல்லாம் வந்துவிட்டன. கோப்பு கொஞ்சம் பெரிதானது, பரவாயில்லை. இந்த 4:4:4-தான் மருந்து. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிக்னல்_ஓய்வு | 17 ஜூலை, காலை 6:30

இரண்டு விஷயம். பிஎன்ஜியிலிருந்து எடுக்கும்போது அந்த மென்பொருள் தரம் 90-ஐத் தொட்டாலே நிறத்தைச் சுருக்காது. 92-இல் நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டாலும் இதே விளைவுதான். 90-க்குக் கீழே வைத்தால்தான் அந்தச் சொல் வேலை செய்கிறது. கோப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க:

```
identify -format "%[jpeg:sampling-factor]" azhaippu.jpg
```

`1x1,1x1,1x1` என்றால் முழு நிறம். `2x2,1x1,1x1` என்றால் பாதி.

இரண்டாவது, இதை ஊர் குழுவில் படமாகப் போட்டுப் பார்த்தீர்களா?

அம்பை_டிசைன் | 17 ஜூலை, காலை 9:55

போட்டேன். பழையபடியே. ஆடி ஒண்ணாந்தேதி காலையிலேயே மனசு கெட்டது.

செயலி என் கோப்பை வாங்கித் தன் இஷ்டத்துக்கு மறுபடி சுருக்கிவிடுகிறது. திரும்ப இறக்கிக் கேட்டால் `2x2` என்கிறது. ஆவணமாக அனுப்பினால் தொடாமல் போகிறது, ஆனால் ஊரில் பாதிப் பேர் ஆவணத்தைத் திறக்கவே மாட்டார்கள். திறந்தவர்களும் அடுத்தவருக்குப் படமாகத்தான் அனுப்புவார்கள். நேற்று "இதுதான் மருந்து" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். என் கையில் உள்ள கோப்புக்கு மட்டும் அது மருந்து.

அம்பை_டிசைன் | 17 ஜூலை, இரவு 10:20

ஆக, சுருக்கினாலும் பிழைக்கிற மாதிரி வரைய வேண்டும். வடிவத்தை வெளிச்சத் தாளுக்குள் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் முழுக்க அதுதான் வேலை.

பச்சையை இன்னும் கருப்பாக்கினேன், 0, 70, 0. வெளிச்சம் 41. சிவப்புக்கும் அதற்கும் 35 படி. புள்ளி தெரிந்தது, ஆனால் மங்கல், பழுப்பு அப்படியே.

சிவப்பை வெள்ளையாக்கினால் முடிந்தது. ஆனால் பெரியப்பா ஒரே பிடியாக, "அம்மனுக்குச் செவப்புதாம்ல வேணும், வெள்ளையில எழுதுனா என்ன அர்த்தம்?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிவப்பு இல்லாத கொடை நோட்டீஸை நானே பார்த்ததில்லை.

கடைசியில் பச்சையை இலை வடிவ ஓரமாக வைத்துவிட்டு, நடுவில் சந்தன வெளிர் நிறத்தில் ஒரு பலகை போட்டேன், 255, 248, 220. வெளிச்சம் 247. எழுத்துச் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி 190, 0, 0 ஆக்கினேன், அது 57. இடையில் 190 படி. ஒரு படியிலிருந்து 190 படி!

பிறகு நானே முதலில் நசுக்கிப் பார்த்தேன்:

```
magick azhaippu.png -sampling-factor 4:2:0 -quality 60 sothanai.jpg
```

அதிலிருந்து வெளிச்சத் தாளை மட்டும் பிரித்தேன். கருப்பு வெள்ளையில் ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி நிற்கிறது. நிறத்தில் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய ரோஸ் நிழல் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 6 ஆறாகவே இருக்கிறது.

அச்சுக்காரர்_பேட்டை | 18 ஜூலை, காலை 8:00

இதைத்தான் நாங்கள் மஞ்சள் தாளில் சிவப்பு அடிப்பது! காகிதம் மட்டமானதாக இருந்தாலும் எழுத்து நிற்கும் என்று அப்பா சொல்வார். காரணம் வேறாக இருந்தாலும் முடிவு ஒன்றுதானே?

சிக்னல்_ஓய்வு | 18 ஜூலை, காலை 8:35

சுத்த மஞ்சளுக்கு வெளிச்சம் 226. சிவப்புக்கு 150 படி தள்ளி. வழிந்தாலும் ஆரஞ்சாக வழியும், இரண்டு நிறத்துக்கும் நடுவில் இயல்பாகவே தெரியும். உங்கள் அப்பா கணக்கு இங்கேயும் செல்லும். கருப்பில் சிவப்பு, நீலத்தில் சிவப்பு, இவைதான் பச்சைக்கு அடுத்த எதிரிகள்.

குற்றாலச்சாரல் | 18 ஜூலை, இரவு 9:45

`bwdif` போட்டேன். கோடுகள் பெரும்பாலும் போய்விட்டன. தாலி கட்டும் காட்சியில் இப்போது புடவை புடவையாக இருக்கிறது, அம்மா பார்த்துவிட்டு அழுதுவிட்டார்கள். ஊர்வலக் காட்சியில் மட்டும் இன்னும் இருக்கிறது. அது வேறு கடையில் வட்டுக்கு மாற்றித் திரும்ப ஏற்றியது. அதை விட்டுவிட வேண்டியதுதானா?

அம்பை_டிசைன் | 20 ஜூலை, இரவு 11:30

பெரியப்பா பலகைக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் பச்சை இலை மேலேயே பெரிதாக "கொடைவிழா" என்று சிவப்பில் ஒரு வரி வேண்டும் என்கிறார். அதற்கு எழுத்தைச் சுற்றிச் சந்தன நிறத்தில் கரை கொடுத்தேன். முதலில் ஒரு புள்ளி அகலக் கரை. நசுக்கியதும் அது ரோஸ் ஆகிப் பயனில்லாமல் போனது. இரண்டும் அப்படியே. நாலு கொடுத்தபோதுதான் கரையின் நடுவில் சந்தனம் பிழைத்தது. உள்ளே சிவப்பு, வெளியே பச்சை, இரண்டு பக்கமும் நிறம் கரைக்குள் ஏறுகிறது, அந்த இரண்டையும் தாங்க இடம் வேண்டும் என்று புரிகிறது. எழுத்து 120 புள்ளி உயரம், அதனால் நாலு உறுத்தவில்லை. வரிதாரர் பெயர் அளவில் இதைச் செய்தால் எழுத்தே கரையாகிவிடும்.

அம்பை_டிசைன் | 22 ஜூலை, இரவு 10:00

அடுத்து ஸ்டேட்டஸ் வீடியோ. 30 விநாடி. கீழே பெயர்கள் ஓடும் வரி. சந்தனப் பட்டை மேல் அதே சிவப்பு. நின்றிருக்கும்போது நன்றாக இருக்கிறது, ஓடும்போது எழுத்தின் ஓரம் மினுக் மினுக்கென்று துடிக்கிறது. நிறக் கட்டங்களைக் குறைக்க இதைச் சேர்த்தேன்:

```
ffmpeg -i kodai.mov -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p \
  -x264-params chroma-qp-offset=-6 kodai.mp4
```

கட்டம் குறைந்தது. துடிப்பு குறையவில்லை. நிறத்தைச் சுருக்காமல் `yuv444p` என்று எடுத்தால் துடிப்பே இல்லை, ஆனால் அந்தக் கோப்பு என் போனில் ஓடவில்லை.

சிக்னல்_ஓய்வு | 23 ஜூலை, காலை 6:15

ஒரு படத்துக்கு எத்தனை புள்ளி நகர்த்துகிறீர்கள்? ஒற்றைப்படை எண் என்றால் எழுத்து ஒரு படத்தில் ஜோடி எல்லையில் உட்காரும், அடுத்த படத்தில் ஒரு புள்ளி தள்ளி உட்காரும். ஓரம் ஒரு தடவை சுத்தம், ஒரு தடவை கலப்பு. அதுதான் துடிப்பு. இரட்டைப்படை வைத்தால் ஓரம் எப்படி விழுகிறதோ அப்படியே கடைசிவரை இருக்கும். இதை நாங்கள் கேபிளில் பட்டறிந்து கண்டோம்.

அம்பை_டிசைன் | 23 ஜூலை, மதியம் 2:40

மூன்று வைத்திருந்தேன். விநாடிக்கு 30 படம், ஆக 90 புள்ளி. நாலாக மாற்றினேன், 120. துடிப்பு நின்றது. என்ன ஒரு நிம்மதி!

அம்பை_டிசைன் | 24 ஜூலை, இரவு 9:30

நிம்மதி ஒரு நாள்தான். செயலி 1080-ஐ 720 ஆக்கிவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு. என் நாலு புள்ளி இரண்டே முக்காலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, மறுபடியும் துடிப்பு. பழைய மூன்று புள்ளி அங்கே சரியாக இரண்டு ஆகியிருக்கும்!

அதனால் வீடியோவை முதலிலிருந்தே 720-இல் செய்து, படத்துக்கு இரண்டு புள்ளி வைத்தேன். விநாடிக்கு 60 புள்ளி, வயசானவர்களும் படிக்க முடிகிறது. எழுத்தையும் ஒரு சுற்று பெரிதாக்கினேன். இதுவரை மூன்று போனில் பார்த்தேன், இரண்டில் அசையாமல் ஓடுகிறது. சித்தி போனில் மட்டும் லேசாகத் துடிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

அச்சுக்காரர்_பேட்டை | 25 ஜூலை, காலை 9:20

சிவப்பே கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிகிறதே வீடியோவில்? அதுவும் இந்தப் பாதி அளவினால்தானா?

சிக்னல்_ஓய்வு | 25 ஜூலை, காலை 9:50

இல்லை அண்ணாச்சி. ஓரத்தில் மட்டும் மாறினால் பாதி அளவு. எழுத்தின் நடுவயிறும் சேர்ந்து மாறினால் கணக்கு அட்டவணை மாறியிருக்கிறது. பழைய 601 முறையில் எழுதி, புதிய 709 முறையில் படித்தால் சுத்தச் சிவப்பு 255, 25, 0 ஆகும். லேசான ஆரஞ்சு. இரண்டும் ஒரே கோப்பில் இருக்கலாம், ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு ஆகாது.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries \
  stream=pix_fmt,color_space -of default=nw=1 kodai.mp4
```

தம்பி, இதில் `color_space` என்ன வருகிறது?

அம்பை_டிசைன் | 25 ஜூலை, இரவு 8:15

`unknown`. எடிட்டிங்கில் எங்கோ குறிக்காமல் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், நாளைக்கு கால்நாட்டு வேலை இருக்கிறது.

அழைப்பிதழ் படம் இன்று மாலை குழுவில் போனது. மதினிக்கு நாலு கை மாறிப் போன பிரதியைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். சிவப்பு ஓரம் கொஞ்சம் ரோஸ் அடித்திருக்கிறது. "சாமக்கொடை"யில் புள்ளி இருக்கிறது. "ஆகஸ்ட் 6, செவ்வாய்" என்று வாசித்துச் சொன்னாள்.